டீசருக்குத் தமிழ் என்ன? (45 நொடி அழைப்புப் படம் பற்றி)

எழுதியவர்: கயல்

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் குறும்படம் முடிந்துவிட்டது. 16 நிமிடம் 20 நொடி. பேருந்து நிலையத்தில் தொலைபேசிக் கூண்டு வைத்திருக்கும் ஒரு அம்மா, கடையை மூடும் கடைசி நாள். திரையிடலுக்கு ஆட்களை அழைக்க 45 நொடி டீசர் ஒன்று வெட்டி வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். கூடவே, எங்கள் திரைப்பட மன்றத்துக்காகத் தமிழில் ஒரு படத்தொகுப்புக் கையேடு எழுதுகிறேன். டிரெய்லருக்கு 'முன்னோட்டம்' நிலைத்துவிட்டது. டீசரில்தான் மாட்டிக்கொண்டேன். நாளிதழ்களும் 'டீசர்' என்றே எழுதுகின்றன. சிலர் 'குறுமுன்னோட்டம்' என்கிறார்கள். எனக்கு ஒட்டவில்லை. வேறு சொல் இருக்கிறதா?

எழுதியவர்: ஜெரால்டு

குறுமுன்னோட்டமே போதுமே. நீளமாக இருந்தால் டிரெய்லர், குட்டையாக இருந்தால் டீசர். இதற்கு மேல் என்ன வித்தியாசம்? வெட்டுவதும் எளிதுதான். முடிந்த படத்தை எடுத்து, நல்ல இடங்களை வரிசையாகப் பிடுங்கி, ஒலியை முழுக்க எடுத்துவிட்டு மேலே ஒரு பாட்டைப் போட்டால் அரை மணி நேர வேலை.

எழுதியவர்: இராமநாதன்

அன்புள்ள கயல்,

ஆங்கிலத்தில் அந்தச் சொல் கம்பளி நாரைப் பிரித்து இழுப்பதிலிருந்து வந்தது. சீண்டுதல் என்ற பொருள் பிறகு ஏறியது. நம்மிடம் பஞ்சைப் பன்னுதல் என்ற சொல் உண்டு. எனவே 'பன்னோட்டம்' எனலாம். அழைப்பிதழைப் பொறுத்தவரை, 'தங்கள் வருகையை விழையும்' என்று முடிப்பதே மரபு. 45 நொடியில் அதைப் படிக்க வசதி இருக்குமா என்று பாருங்கள்.

எழுதியவர்: கயல்

ஐயா, நன்றி. ஆனால் நான் கேட்டது அழைப்பிதழ் வாசகத்தை அல்ல, படத்துக்கான பெயரை. 'பன்னோட்டம்' என்றால் பலவித ஓட்டம் என்றுதான் படிப்பார்கள்.

ஜெரால்டு சொன்னபடியேதான் முதலில் வெட்டினேன், பாட்டு மட்டும் போடவில்லை, படத்தின் ஒலியையே விட்டேன். கதை வரிசையில் 22 துண்டுகள். கேட்கவே முடியவில்லை. வெட்டுக்கு வெட்டு பின்னணி இசை குதிக்கிறது, ஒரு வயலின் பாதியில் செத்து அடுத்த நொடி வேறு சுருதியில் எழுகிறது. நண்பர் ஒருவர் "படத்தையே பார்த்துட்ட மாதிரி இருக்கு, இனி எதுக்கு வரணும்?" என்றார். என் அம்மா செல்பேசியில் பார்த்துவிட்டு, "எத்தனை மணிக்குடி?" என்றார். நேரமும் இடமும் போட்ட அட்டை 4 நொடிதான் நின்றது.

எழுதியவர்: பாஸ்கர்

கயல், அந்த மூன்று குறைகளிலும் உங்கள் சொல்லுக்கான விடை பாதி இருக்கிறது. நான் இருபது வருடமாக எடிட் மேசையில் இருப்பவன், தமிழ்ப் புலமை கிடையாது. வேலையைச் சொல்கிறேன், சொல்லை நீங்கள் பிடியுங்கள்.

ஜெரால்டு, நீளம் வித்தியாசமே இல்லை. 45 நொடியில் கதையைச் சொல்லிவிட்டால் அது குட்டையான முன்னோட்டம், அவ்வளவுதான். டீசர் கதை சொல்லாது. ஒரே ஒரு கேள்வியைப் பார்ப்பவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும். உங்கள் படத்தில் எந்தக் கேள்வி, கயல்?

வெட்டும்போது பின்னாலிருந்து தொடங்குங்கள். முதலில் அட்டை. அதில் உள்ளதை வாய்விட்டு நிதானமாக இரண்டு முறை படித்துக் கடிகாரம் பாருங்கள். நாள், நேரம், அரங்கு, ஊர் எல்லாம் சேர்ந்தால் 9 நொடி ஆகும். கடைசியில் ஒரு நொடி கருப்பு. மீதி 35 நொடிதான் உங்கள் படம். 22 துண்டு அதில் மூச்சுத் திணறும், ஏழெட்டு போதும்.

அடுத்து ஒலி. முடிந்த படத்தை வெட்டும்போது எல்லோரும் விழும் குழி இதுதான். நீங்கள் வைத்திருக்கும் கோப்பில் வசனம், இசை, மற்ற சத்தம் மூன்றும் ஒரே குழம்பாகக் கலந்துவிட்டன. படத்தை வெட்டினால் இசையும் வெட்டுப்படும். ஜெரால்டு சொல்வதில் பாதி சரி: மேலே அறுபடாமல் ஒரே ஒலி ஓடினால் கீழே உள்ள வெட்டுகள் உறுத்தாது. ஆனால் வசனம் வேண்டும் என்றால் அதன் முதுகில் ஒட்டிய பழைய இசையும் கூடவே வரும், புதிய பாட்டோடு மோதும். ஒலிக்கலவை செய்தவரிடம் மூன்றையும் தனித்தனிக் கோப்பாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் படத்தை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, இசையே இல்லாத இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வசனத்தை அங்கிருந்து மட்டும் எடுங்கள்.

எழுதியவர்: பாத்திமா

நான் கல்யாண வீடியோ எடுப்பவள். எங்கள் தொழிலிலும் தேதி சொல்லும் சின்னப் படம் உண்டு. அனுபவத்தில் சொல்கிறேன்: பாதிப் பேர் ஸ்டேட்டஸைச் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்கள், பத்து நொடிக்குள் தள்ளிவிடுகிறார்கள். அதனால் நான் தேதியை முதலிலேயே போட்டுவிடுவேன். அட்டை கடைசியில் வந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?

எழுதியவர்: பாஸ்கர்

கல்யாணத்துக்குச் சரிம்மா. மாப்பிள்ளை யார் என்று வருபவருக்குத் தெரியும். இங்கே தெரியாததை வைத்துத்தான் அழைக்கிறோம். தேதியை முன்னால் போட்டால் விளம்பரம் என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் சத்தமில்லாமல் பார்ப்பது பற்றி நீங்கள் சொல்வது நியாயம். அதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை.

எழுதியவர்: இராமநாதன்

கயல், நான் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன், பொறுத்துக்கொள். பாஸ்கர் எழுதியதைப் படித்ததும் தெருக்கூத்து நினைவுக்கு வந்தது. வேடம் வரும்போது இருவர் ஆளுக்கொரு முனையாகத் திரையைப் பிடிப்பார்கள். கிரீடத்தின் நுனியும் சலங்கைக் காலும்தான் தெரியும். உள்ளே நின்றே பாடுவான். அதற்குள் பிள்ளைகள் எழுந்து நின்றுவிடுவார்கள். நீங்கள் செய்வதும் அதுதானே. 'திரைப்பிடி' என்றால் என்ன?

பேச்சில் இன்னொன்றும் இருக்கிறது. முழுதும் சொல்லாமல் ஓரத்தைத் தொட்டுக் காட்டுவதைக் 'கோடி காட்டினான்' என்போம். 'கோடிகாட்டி', அல்லது 'கோடிக்காட்சி'.

எழுதியவர்: கயல்

ஐயா, கோடி காட்டுவது! அதேதான். 'திரைப்பிடி' அழகாக இருக்கிறது, ஆனால் சினிமாவில் திரை என்றால் வெள்ளித்திரை, குழம்பும்.

பாஸ்கர் சார், கேள்வி கிடைத்துவிட்டது. மூடப்போகும் கூண்டில் மணி அடிக்கிறது, யார் கூப்பிடுகிறார்கள்? அது படத்தின் கடைசி நிமிடத்தில்தான் தெரியும். ஆனால் மணி அடிக்கும் காட்சியில் அடியில் இசை இருக்கிறது. ஒலிக்கலவை செய்தவர் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி இரண்டு நாளில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

எழுதியவர்: சிவநேசன்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. எங்களிடம் கோடி எண்டால் வீட்டுக்குப் பின்பக்கம். கோடிக்காட்சி என்று கையேட்டில் கண்டால், வாழையும் கிணற்றடியும் காட்டப்போகினம் எண்டுதான் என் அம்மா நினைப்பா.

எழுதியவர்: ஜெரால்டு

எனக்கு ரூபாய்தான் நினைவுக்கு வருகிறது. கோடிக்காட்சி என்றால் ஏதோ பெரிய பட்ஜெட் படம். நீங்கள் எடுத்தது குறும்படம்!

எழுதியவர்: பாத்திமா

எங்கள் ஊர்ப்பக்கம் துக்க வீட்டில் கொடுக்கும் புதுத்துணிதான் கோடி. அழைப்பில் அந்தச் சொல்லைப் பார்த்தால் வயதானவர்கள் முகம் சுளிப்பார்கள்.

எழுதியவர்: இராமநாதன்

தனியாக நிற்கும் 'கோடி'க்குத்தான் இத்தனை பொருள். 'காட்டி' சேர்ந்துவிட்டால் யாரும் துணியையோ பணத்தையோ நினைப்பதில்லை. ஆகவே கோடிக்காட்சியை விட்டுவிடலாம், 'கோடிகாட்டி' மட்டும் இருக்கட்டும். திசைகாட்டி, வழிகாட்டி போல இயல்பாக நிற்கிறது.

எழுதியவர்: கயல்

தனித்தனிக் கோப்புகள் வந்துவிட்டன. நேற்று இரவு திரும்ப வெட்டினேன். வரிசை இது:

முதல் 7 நொடி, பாதி இறங்கிய ஷட்டர், கண்ணாடியைத் துடைக்கும் கை. பேருந்து நிலையச் சத்தம் மட்டும், இசை கிடையாது. பிறகு மஞ்சள் பலகையைக் கழற்றுவது, ஒரு ரூபாய் நாணயங்களை எண்ணுவது, தூசி படிந்த நாற்காலி, மூன்றும் சேர்ந்து 10 நொடி. அதன்மேல் பக்கத்துக் கடைக்காரர் குரல்: "இனி யாரும்மா இதுல பேசப் போறாங்க?" அப்புறம் 2 நொடி கருப்பு. கருப்பிலேயே மணி அடிக்கத் தொடங்குகிறது. அம்மா திரும்புகிறார், கை மெல்ல நீள்கிறது. ரிசீவரைத் தொடும் முன் வெட்டிவிட்டேன். 35 வது நொடி. அட்டை வருகிறது, மணி அதன் மேலும் நிற்காமல் அடிக்கிறது.

நம்ம ஊர் மணி இரண்டு முறை சேர்ந்து அடித்து ஓயும், ஒரு சுற்று ஏறக்குறைய 3 நொடி. அட்டை 9 நொடி, சரியாக மூன்று சுற்று. இதை நான் திட்டமிடவில்லை, தானாக அமைந்தது.

என் அம்மாவிடம் காட்டினேன். இந்த முறை நேரத்தைக் கேட்கவில்லை. "யாருடி போன்ல?" என்றார்.

எழுதியவர்: பாஸ்கர்

நல்லா வந்திருக்கு. இரண்டு விஷயம். வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் அட்டை முடிவது 1100 வது ஃபிரேம். நீங்கள் அனுப்பிய கோப்பில் மணி அதற்கு நாலைந்து ஃபிரேம் முன்பே அறுபடுகிறது, மூன்றாவது சுற்றின் வால் கேட்கவில்லை. மணி தானாக அடங்கட்டும், இல்லை ரிசீவர் எடுக்கும் 'கிளிக்' வைத்து நிறுத்துங்கள். கிளிக் வைத்தால் அந்த அம்மா எடுத்துவிட்டார் என்று ஆகும். எது வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று, வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுக்கிவிடும், அட்டை எழுத்து பிசிறும். இணைப்பில் ஆவணம் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.

'கோடிகாட்டி' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் என் உதவியாளரிடம் "கோடிகாட்டி எக்ஸ்போர்ட் ஆச்சா?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பழகுமா தெரியாது.

எழுதியவர்: ஜெரால்டு

நான் இன்னும் குறுமுன்னோட்டத்தில்தான் நிற்கிறேன். படிப்பவருக்கு உடனே புரியும்.

எழுதியவர்: கயல்

கையேட்டில் கோடிகாட்டி என்று போட்டு, பக்கத்திலேயே 'டீசர் என்பதும் வழக்கு' என்று எழுதுகிறேன். அழைப்புச் செய்தியில் பெயரே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்: 'சத்தம் வைத்து 45 நொடி பாருங்கள்' என்று மட்டும். பாத்திமா அக்காவுக்குப் பாதி பதில் அதில் இருக்கிறது.

கிளிக் வைக்கவில்லை. மணி அடங்கும்வரை விட்டிருக்கிறேன், கோப்பை மீண்டும் ஏற்றியாயிற்று. சிவநேசன் அண்ணா, உங்கள் அம்மாவுக்கும் அனுப்பிக் காட்டுங்கள்.