‘மூடிய வடிவம்’: வேறு சொல் கிடைக்குமா?

சுதர்சன், உவர்மலை, திருகோணமலை

வணக்கம். கம்பஸ் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆறேழு பேருக்கு வீட்டு விறாந்தையில் நுண்கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். போன கிழமை e^(-x^2) இன் தொகையீட்டுக்கு வந்தோம். வழக்கமான பாதைதான். e^u இன் வலுத்தொடரில் u இருந்த இடத்தில் -x^2 போட்டு, உறுப்புறுப்பாகத் தொகையிட்டோம்.

```
e^(-x^2) = 1 - x^2 + x^4/2! - x^6/3! + ...
F(x)     = x - x^3/3 + x^5/(5·2!) - x^7/(7·3!) + ...
```

F(0) = 0 என்று வைத்தபடியால் மாறிலி இல்லை. x = 1 போட்டால் 1 - 1/3 + 1/10 - 1/42 + 1/216 என்று உறுப்புகள் மளமளவென்று சிறுக்கின்றன. எட்டு உறுப்புடன் நிறுத்தி 0.74682 எடுத்தோம். ஐந்து தசமதானமும் சரி.

அப்புறம் பலகையில் “F(x)-க்கு மூடிய வடிவம் இல்லை” என்று எழுதினேன். ஒரு பிள்ளை உடனே கேட்டாள்: “சேர், மூடிய ஆயிடை எண்டா ரெண்டு முனையும் சேரும். இதில எந்த முனை சேரேல்ல?” பக்கத்தில் இருந்தவன் தானே பதில் சொன்னான்: “தொடர் முடியாமல் போகுதெல்லோ, அதுதான் மூடேல்ல.” இரண்டு பேரையும் பிழை சொல்ல முடியவில்லை. சொல் அப்படித்தான் இழுக்கிறது. ‘முடிவுறு வடிவம்’ என்று மாற்றலாமா?

மீனாட்சி, சென்னை

சுதர்சன், ‘மூடிய’ என்பது ஆங்கிலச் சொல்லை அப்படியே திருப்பிப் போட்டது. அதை விடலாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. (நாங்கள் அடுக்குத் தொடர் என்போம், நீங்கள் வலுத்தொடர் என்கிறீர்கள். அந்தச் சண்டையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.) என் பரிந்துரை ‘முற்றுருவம்’. இந்தத் தொகையீட்டுக்கு முற்றுருவத்தை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை, அதனால்தான் தொடராகவே வைத்திருக்கிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமே.

தருமலிங்கம், மூதூர் (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

தங்கச்சி, ‘கண்டுபிடிக்கவில்லை’ என்பதுதான் இடிக்கிறது. தேடிக் கிடைக்காமல் போன பொருள் இல்லை இது, இருக்கவே முடியாதது. 1830களில் லியூவில் காட்டிய வழி இதுதான். பல்லுறுப்பி, அடுக்குக்குறி, மடக்கை, திரிகோணகணிதச் சார்புகளைக் கூட்டிப் பெருக்கி ஒன்றுக்குள் ஒன்று போட்டு எழுதக்கூடிய தொகையீடு e^(-x^2)-க்கு இருந்தால், அது R(x)·e^(-x^2) என்ற உருவில்தான் வர வேண்டும். R என்பது இரண்டு பல்லுறுப்பிகளின் விகிதம். வகையிட்டுப் பாருங்கள்:

```
R' - 2xR = 1
```

R-இன் பகுதி ஏதோ ஓர் இடத்தில் பூச்சியமானால், R' அங்கே R-ஐ விட ஒரு படி கூடுதலாக வெடிக்கும். அதை வெட்டிவிட 2xR-ஆல் ஆகாது. ஆகவே R வெறும் பல்லுறுப்பி. அதன் படி n என்றால் 2xR-இன் படி n+1. இடப்பக்கம் ஒருபோதும் வெறும் 1 ஆகாது. கதை முடிந்தது.

இதையே x·e^(-x^2)-க்குச் செய்தால் வலப்பக்கம் x வரும். R = -1/2 என்று உடனே விழுந்துவிடும்.

சுதர்சன் தம்பி, உங்கள் ‘முடிவுறு’ அந்தப் பையனின் பிழையைத்தான் சொல்லுக்குள் ஏற்றிவிடும். 1/(1+x)-ஐ எடுங்கள். உறுப்புறுப்பாகத் தொகையிட்டால் x - x^2/2 + x^3/3 - ... என்று அதுவும் முடியாமல்தான் போகும். ஆனால் -1-க்கும் 1-க்கும் இடையில் அது ln(1+x). தொடர் நீள்வதற்கும் நமது கேள்விக்கும் தொடர்பில்லை. நாம் கையில் வைத்திருக்கிற சார்புகளுக்குள் விடை அடங்குகிறதா என்பதுதான் கேள்வி. ஆகவே ‘அடங்கு கோவை’ என்கிறேன். இல்லாததை ‘அடங்காத் தொகையீடு’ எனலாம்.

ரிஸ்வி, கிண்ணியா

அஸ்ஸலாமு அலைக்கும். நான் கணித ஆள் இல்லை, மா ஆலையில் மூட்டை நிறை சரிபார்க்கிற பகுதியில் வேலை. செவ்வன் பரம்பல் அட்டவணையை நாளாந்தம் பார்க்கிறவன். சுதர்சன் தம்பியின் தொடரை எக்செலில் போட்டுப் பார்த்தேன். x = 1 சரி. x = 3 போட்டு அதே எட்டு உறுப்பு எடுத்தேன், -96.3 வந்தது. பரப்பு எப்படி மறையாக வரும்? 3-இல் இந்தத் தொடர் ஒருங்காது போல. அப்படியென்றால் அடங்காதது என்ற பெயர் பொருத்தம்தான்!

சுதர்சன்

ரிஸ்வி நானா, தொடர் எல்லா x-க்கும் ஒருங்கும். n! எந்த வலுவையும் கடைசியில் விழுங்கிவிடும். ஆனால் x = 3 இல் உறுப்புகள் முதலில் ஏறுகின்றன: 3, 9, 24.3, 52.1 என்று போய் எட்டாவது உறுப்பு 189.8. அதற்குப் பிறகுதான் இறக்கம். நீங்கள் மலை உச்சியில் நின்று கூட்டியிருக்கிறீர்கள். அடுத்த உறுப்பை விட வழு சிறியது என்ற விதியும், உறுப்புகள் இறங்கத் தொடங்கிய பிறகுதான் செல்லும். முப்பது உறுப்பு வரை போங்கள், 0.8862 வரும்.

இன்னொன்று. 190 அளவு எண்களைக் கூட்டிக் கழித்து 0.9-ஐ விடக் குறைந்த ஒன்றை எடுக்கிறோம். ஒவ்வோர் உறுப்பையும் மூன்று பொருளுடை இலக்கத்துக்கு மட்டம் தட்டினால், 189.8-ஐ 190 ஆக்கிய இடத்திலேயே 0.2 போய்விடும்.

மீனாட்சி

ஆனால் இந்தத் தொகையீட்டின் மதிப்பு √π/2 என்று கல்லூரியில் படித்தேனே. அது முற்றுருவம் இல்லையா? லியூவில் சொன்னதோடு மோதுகிறதே.

தருமலிங்கம்

மோதாது. √π/2 என்பது 0 இலிருந்து முடிவிலி வரையான பரப்பு, ஒற்றை எண். நமக்கு வேண்டியது ஒவ்வொரு x-க்கும் பொருந்தும் சார்பு. ஆனால் அந்த எண் ரிஸ்விக்கு உதவும். √π/2 = 0.886227, F(3) = 0.886207. 3-க்கு அப்பால் மிஞ்சுவது 0.00002 மட்டுமே. பெரிய x-க்குத் தொடரைக் கட்டி அழாமல், √π/2 இலிருந்து அந்த வாலைக் கழிப்பது சுகம்.

மீனாட்சி

சரி, ‘முற்றுருவம்’ விடுகிறேன். ‘அடங்கு’ பிடித்திருக்கிறது. ‘கோவை’தான் இங்கே ஓடாது, கோயம்புத்தூர் என்று படிப்பார்கள். ‘அடங்கு வடிவம்’ போதாதா? இன்னொரு சந்தேகம்: 1871-இல் கிளெய்ஷர் இதற்கு வழுச் சார்பு என்று பெயரிட்டு, இப்போது erf என்று எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. பெயர் வைத்ததும் அடங்கிவிட்டதா?

தருமலிங்கம்

erf-ஐப் பட்டியலில் சேர்த்தால் அடங்கும், சேர்க்காவிட்டால் அடங்காது. ‘அடங்கு’ என்றால் கேட்பவன் ‘எதற்குள்?’ என்று திருப்பிக் கேட்பான். அதற்காகத்தான் அந்தச் சொல்லைப் பிடித்தேன். கோவை எங்கள் பாடநூலில் எப்போதும் உள்ள சொல், நான் விடமாட்டேன்.

ரிஸ்வி

முப்பது உறுப்பு போட்டேன். 0.8862. எங்கள் அட்டவணையும் இப்படித்தான் கணக்குப் போட்டு எடுத்ததா? நான் இவ்வளவு நாளும் மூட்டைகளை நிறுத்து எடுத்த எண்கள் என்று நினைத்திருந்தேன்.

சுதர்சன்

கணக்குத்தான் நானா, நிறுத்தது இல்லை. ஆனால் உங்கள் அட்டவணையின் z-ஐ √2-ஆல் பிரித்துத்தான் இதில் போட வேண்டும், அப்படியே 3 போடக்கூடாது.

வடிவமா கோவையா என்பது தீரவில்லை. நாளைக்கு வகுப்பில் ‘அடங்கு வடிவம்’ என்று எழுதி, பக்கத்தில் எந்தச் சார்புகளுக்குள் என்று பட்டியலையும் எழுதப் போகிறேன். மாஸ்டர் கோபிக்கக்கூடாது.