இருமல் மருந்தால் வந்த பாசிட்டிவ்: கடிதத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறேன். திங்கள்கிழமை திடீர் சிறுநீர்ப் பரிசோதனையில் ‘ஓபியேட்’ என்ற அபின் வகைப் பொருளுக்குப் பாசிட்டிவ். வறட்டு இருமலுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த கோடீன் சிரப்பை ஞாயிறு இரவு 10 மி.லி. குடித்திருந்தேன். கோடீன் உடம்பில் ஓரளவு மார்ஃபினாக மாறும். பரிசோதனை ஸ்ட்ரிப்புக்கு அது இருமல் மருந்தா, போதைப்பொருளா என்ற வித்தியாசம் தெரியாது. வேலை போய்விடுமோ என்று தூக்கமே இல்லை.

நாளை ஆலை மருத்துவரிடம் தர எழுதியது:

“ஐயா, மருந்துச் சீட்டு, கடை பில், மீதி மருந்துள்ள பாட்டில் மூன்றும் இணைத்துள்ளேன். கடைசியாகக் குடித்தது ஞாயிறு இரவு 9 மணி. அதே சிறுநீர் மாதிரியை ஜி.சி.-எம்.எஸ். முறையில் மறுபரிசோதனை செய்யுங்கள். கோடீனும் மார்ஃபினும் தனித்தனியாகத் தெரியும். ஹெராயினுக்கே உரிய 6-அசிட்டைல்மார்ஃபினையும் தேடிப் பார்க்கட்டும்.”

மருந்து சாப்பிடுவதை முன்பே சொல்லாதது என் தப்புதான். அதையும் கடிதத்தில் எழுதவா? சீட்டு கொடுத்த டாக்டரிடம் தனிச் சான்றும் வாங்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.