மறு: கேட், குளோப், பால், பட்டர்ஃபிளை வால்வுகள் – நான்குக்கும் என்ன பெயர் வைப்பது?

சொல்தேடி:
வணக்கம். ஒரு பால் ஆலையின் நீராவி, தண்ணீர்க் குழாய் வேலைகளுக்கான ஸ்பெக்கைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். படிக்கப்போவது பொறியாளர்கள் இல்லை, ஃபிட்டர்கள். முதல் வரைவில் வாயில் வால்வு, கோள வால்வு, பந்து வால்வு, வண்ணத்துப்பூச்சி வால்வு என்று போட்டிருந்தேன். தளத்தில் ஒருவரிடம் வாசித்துக் காட்டினால், கோளமும் பந்தும் ஒன்றுதானே, ஏன் இரண்டு பேர் என்கிறார். சரி, ஆங்கிலப் பெயரையே தமிழில் எழுதிவிடலாம் என்றால் ‘பால் லைனில் பால் வால்வு’ என்று ஒரு வரி வருகிறது, அதை அச்சில் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. யோசனை சொல்லுங்கள்.

அதர்வழி:
முதலில் வால்வையே விடுங்கள். ஓரதர் என்று அழகான சொல் இருக்கிறது. குளோப் வால்வில் உள்ளே ஓர் உருண்டை ஏறி இறங்குகிறது, பால் வால்வில் உருண்டை சுழல்கிறது. ஆகவே ஏறுகோள ஓரதர், சுழல்கோள ஓரதர். குழப்பம் தீர்ந்தது.

குழாய்க்காரன்:
ஏறுவது, சுழல்வது என்று பிரித்தது ரொம்பச் சரி ஐயா, ஆனால் குளோப் வால்வுக்குள் உருண்டையே கிடையாது. அதன் வெளி உடம்பு புடைத்து உருண்டையாக இருந்ததால் வந்த பெயர் அது. உள்ளே இருப்பது ஒரு குறுக்குச் சுவர், அதில் ஒரு துளை, அந்தத் துளையை மேலிருந்து வந்து அடைக்கிற ஒரு தக்கை, அவ்வளவுதான். தண்ணீரோ நீராவியோ கீழே இறங்கி, துளை வழியாக ஏறி, திரும்ப வளைந்து போக வேண்டும். அதனால்தான் முழுக்கத் திறந்திருந்தாலும் குளோப் வால்வில் பிரஷர் இழப்பு அதிகம், கேட் வால்வில் ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு.

ஓரதரும் எனக்கு இடிக்கிறது. அதர் என்றால் வழி, ஓரதர் என்றால் ஒரே வழி. அது ஓட்டத்தைத் திரும்பி வரவிடாத என்.ஆர்.வி.க்குக் கச்சிதம். கேட் வால்வை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும், அதைப் போய் ஓரதர் என்று சொன்னால் ஃபிட்டர் அம்புக்குறி தேடுவார். அம்புக்குறி பார்த்துப் போட வேண்டியது குளோப்தான்.

சொல்தேடி, உங்கள் சிக்கலை இப்படிப் பாருங்கள். வெளியே நின்று பார்த்தால் நான்கும் இரண்டு ஜோடி. கேட், குளோப் இரண்டும் சக்கரம், பல சுற்று. பால், பட்டர்ஃபிளை இரண்டும் கால் சுற்று, சின்ன சைஸில் லீவர். எந்த ஃபிட்டரும் சக்கரத்தையும் லீவரையும் மாற்றிப் போட மாட்டார். ஜோடிக்குள்தான் மாறும், அதிலும் மோசமானது கேட்டும் குளோப்பும் மாறுவது.

உங்கள் நீராவி லைனில் பிரஷரைக் குறைக்கிற பி.ஆர்.வி. ஸ்டேஷன் இருக்கும். பி.ஆர்.வி.க்கு முன்னும் பின்னும் மூடித் திறக்கிற வால்வு, பைபாஸில் மட்டும் குளோப். பி.ஆர்.வி.யைக் கழற்றினால் ஆபரேட்டர் பைபாஸைக் கையால் கொஞ்சமாகத் திறந்து, கேஜைப் பார்த்துக்கொண்டே நீராவி விடுவார். அந்த இடத்தில் கேட் வால்வைப் போட்டுவிட்டால் முதல் சில சுற்றிலேயே பெரும்பகுதி நீராவி பாய்ந்துவிடும், அளவாக நிறுத்தவே முடியாது. பாதியில் தொங்குகிற பலகை அந்த வேகத்தில் கடகடவென்று ஆடும், கீழ்ப்பக்க சீட்டில் கோடு கோடாக அரிப்பு விழும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் வால்வு பாஸ் ஆகும், அதாவது மூடியிருந்தும் உள்ளே கசியும். ஆலை நின்றிருக்கும் நேரத்தில் நீராவி எடுக்காமலேயே அடுத்த பக்க கேஜ் மெல்ல ஏறுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் பி.ஆர்.வி.யும் பாஸ் ஆகலாம் என்பதால் அதன் முன்பின் வால்வுகளை மூடிவிட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. 2 இஞ்ச், 150 கிளாஸ், ஃபிளாஞ்ச் வைத்தது என்றால் கேட் வால்வின் நீளம் 178 மி.மீ., குளோப் 203 மி.மீ. பெயரைத் தப்பாகப் படித்து 178-க்கு இடைவெளி விட்டு ஃபிளாஞ்ச் வெல்டு அடித்துவிட்டால் பிறகு குளோப் உட்காராது, குழாயை வெட்டத்தான் வேண்டும். இதை எங்கள் தளத்தில் பார்த்திருக்கிறேன்.

மாடிவீடு:
நல்ல விவாதம். எங்கள் மேல்தொட்டியில் பால் வால்வு மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை, தொட்டி வழிகிறது. பிளம்பர் பந்தில் தண்ணீர் இறங்கிவிட்டது என்கிறார். பித்தளைப் பந்து போடலாமா, பிளாஸ்டிக்கா?

குழாய்க்காரன்:
அது மிதவை வால்வு சார், வேறு சாதி. பந்து ஓட்டையானால் மூழ்கிவிடும், வால்வு மூடாது. எந்தப் பந்தானாலும் தண்ணீருக்குள் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சொல்தேடி:
மாடிவீடு, நீங்கள் இடம் மாறிக் கேட்டதுதான் எனக்கு உதவியது! வீட்டு பிளம்பிங்கிலிருந்து ஆலைக்கு வருகிற பையன்கள் ‘பந்து வால்வு’ என்று படித்தால் தொட்டி மிதவையைத்தான் நினைப்பார்கள் போல. அப்படியென்றால் துளைப்பந்து வால்வு என்று போடவா? குழாய் அளவுக்குத் துளை போட்ட பந்து, கால் சுற்றில் துளை குறுக்காகத் திரும்பி மூடிக்கொள்கிறது.

குழாய்க்காரன் சொன்னபடி, உள்ளே அசைவது எதுவோ அதை வைத்தே நான்கையும் பெயரிட்டுப் பார்க்கிறேன்: கேட்டுக்குப் பலகை வால்வு, குளோப்புக்குத் தக்கை வால்வு, பாலுக்குத் துளைப்பந்து வால்வு, பட்டர்ஃபிளைக்குச் சுழல்தட்டு வால்வு.

தண்ணீர்த்தொட்டி:
குடிநீர்த் திட்ட வேலையில் இருந்தவன். நாங்கள் கேட் வால்வை ஸ்லூயிஸ் வால்வு என்றுதான் சொல்வோம். ஸ்லூயிஸ் என்றால் மதகு, ஏரி மதகில் பலகை ஏறி இறங்குவதைப் பார்க்காத ஃபிட்டர் நம் ஊரில் உண்டா? மதகு வால்வு என்று வையுங்கள். பலகை என்றால் மரம் நினைவுக்கு வருகிறது.

அதர்வழி:
மதகு நன்று. ஓரதரை விட்டுக்கொடுக்கிறேன், மனமில்லாமல். ஆனால் வண்ணத்துப்பூச்சியை ஏன் கொல்கிறீர்கள்? சிறகு வால்வு என்றாவது வையுங்கள்.

குழாய்க்காரன்:
சிறகு அழகுதான். ஆனால் தட்டு என்று சொல்வதில் வேலைக்கு ஒரு லாபம் இருக்கிறது. வேஃபர் வகையில் உடம்பு ஒல்லி, திறந்தால் தட்டின் விளிம்பு இரண்டு பக்கமும் குழாய்க்குள் நீட்டிக்கொண்டு வரும். மையம் தவறி வைத்தால் குழாய் விளிம்பில் இடித்து, முழுக்கத் திறக்காது. போல்ட்டைக் கடைசியாக இறுக்கும் முன் ஒருமுறை முழுக்கத் திறந்து பார் என்று ஸ்பெக்கில் எழுதியிருப்பார்கள், சுழல்தட்டு என்று படித்தால் அது ஏன் என்று புரியும்.

துபாய்ஃபிட்டர்:
இவ்வளவு நேரம் படித்தேன். இங்கே ஐந்து நாட்டு ஆட்கள் ஒரே லைனில் வேலை செய்கிறோம், கேட், குளோப் என்றுதான் கேட்பார்கள். தமிழில் மட்டும் படித்துப் பழகிய பையன் ஸ்டோரில் போய் மதகு வால்வு கொடு என்றால் யாரும் எடுத்துத் தர மாட்டார்கள். டேகிலும் ஜி.வி. என்றுதான் இருக்கும், அது கேட்டா குளோப்பா என்பதே தனிச் சண்டை.

சொல்தேடி:
ஒத்துக்கொள்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘மதகு வால்வு, அதாவது கேட் வால்வு’ என்று எழுதி, பக்கத்தில் டிராயிங் குறியையும் போட்டுவிடலாமா?

குழாய்க்காரன்:
போடுங்கள், ஆனால் கவனம். குறியிலும் இதே வம்பு இருக்கிறது. குளோப்புக்கு நடுவில் கறுப்புப் புள்ளி, பாலுக்கு வெறும் வட்டம். நகல் எடுத்து எடுத்து மங்கினால் வட்டமும் புள்ளியாகிவிடும். பெரிதாக அச்சிடுங்கள்.

தக்கை வால்வில் எனக்கு இன்னும் ஒரு தயக்கம். பிளக் வால்வு என்று ஐந்தாவது ஒன்று இருக்கிறது, கூம்பு மாதிரிக் கட்டை, அதுவும் கால் சுற்று. அதை யாராவது தமிழாக்கினால் முதலில் தக்கை என்றுதான் எழுதுவார்கள். உங்கள் ஸ்பெக்கில் பிளக் வால்வு வருகிறதா?

சொல்தேடி:
ரசாயனம் கலக்கும் பகுதியில் இரண்டு இடத்தில் வருகிறது, இப்போதுதான் தேடிப் பார்த்தேன். அதற்குத் தக்கையைக் கொடுத்துவிட்டால் குளோப்புக்கு என்ன செய்வது? குமிழ் வால்வு என்று உடம்பை வைத்துச் சொல்லலாமா?

அதர்வழி:
குமிழும் உருண்டைதானே அம்மா.