வெரி ஃப்யூ வாக்கியத்தை சூப்பர்லேட்டிவ் ஆக்கினால் ஏன் தப்பு? (அவசரம்)

செல்வி_ம
பாசிட்டிவ்ல ஒரு வாக்கியம் குடுத்து, பொருள் மாறாம கம்பேரட்டிவ்லயும் சூப்பர்லேட்டிவ்லயும் எழுதச் சொன்னாங்க. எழுதினேன். ரெண்டுக்கும் சிவப்புக் கோடு. 'தேன்' இருக்கு, 'தி' இருக்கு, ஸ்பெல்லிங்கும் சரி. எங்க தப்புன்னு யாராவது சொல்லுங்க, நாளைக்குத் திருத்திக் குடுக்கணும்.

அருள்மணி
வாக்கியத்தைப் போடாம எப்படிங்க சொல்றது? எதைக் குடுத்தாங்க, நீங்க என்ன எழுதினீங்க, ரெண்டும் வேணும்.

கோபி_ரா
எனக்குத் தெரிஞ்சு பத்துல ஒன்பது பேர் செய்யற தப்பு 'மோர்' போட்டுட்டு அதுக்கு மேல 'இஆர்' விகுதியும் சேக்கறது. 'மோர் டாலர்' மாதிரி. அதுவாத்தான் இருக்கும், பாருங்க.

பழைய பேனா
இதே சந்தேகம் இங்க எத்தனை தடவைதான் வரும்? தேடிப் பாக்கற பழக்கமே இல்ல. 'நோ அதர்'னு ஆரம்பிச்சா 'எனி அதர்', அப்புறம் 'தி'யோட 'எஸ்ட்'. மூணு வரி வாய்ப்பாடு. மனப்பாடம் பண்ணிட்டு வந்து கேளுங்க.

செல்வி_ம
அதே வாய்ப்பாட்டுலதான் சார் எழுதினேன். குடுத்தது இது:

```
Very few metals are as dense as gold.
```

நான் எழுதினது:

```
Gold is denser than any other metal.
Gold is the densest metal.
```

கோபி_ரா
ஓ, 'மோர்' இல்லையா. அப்போ 'டென்சர்'ங்கறதே தப்போ? 'மோர் டென்ஸ்'னு வரணுமோ?

அருள்மணி
இல்ல கோபி, 'டென்ஸ்' ஓரசைச் சொல். 'டென்சர்', 'டென்சஸ்ட்' ரெண்டும் சரிதான். அவங்க ரெண்டு வாக்கியத்துலயும் இலக்கணத் தப்பே இல்ல. பொருள்தான் எங்கயோ போயிடுச்சு.

தாரிணி
அருள்மணி சொன்னதுதான். செல்வி, இலக்கணத்தை ஓரமா வச்சுட்டு, நீங்க எழுதினது உண்மையான்னு மட்டும் பாருங்க. தங்கத்தோட அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். பிளாட்டினம் 21.45. இரிடியம், ஆஸ்மியம் ரெண்டும் 22.5-ஐத் தாண்டும். அப்போ தங்கம் முதலிடத்துல இல்ல. 'டென்சஸ்ட் மெட்டல்'னு எழுதினா அது பொய்.

குடுத்த வாக்கியமோ உண்மை. தங்கத்தோட அளவுக்காவது அடர்த்தி இருக்கற உலோகம் ரொம்பக் கொஞ்சம், ஆனா இருக்குன்னு அது ஒத்துக்குது. ஒரு வாக்கியம் உண்மை, அதை மாத்தி எழுதினது பொய்னா, பொருள் மாறிடுச்சுன்னு அர்த்தம். சிவப்புக் கோடு அதுக்குத்தான்.

'வெரி ஃப்யூ' தங்கத்தை முன்வரிசையில உக்கார வைக்குது, முதல் நாற்காலியைக் குடுக்கல. சூப்பர்லேட்டிவ்லயும் அதேதான் வரணும்:

```
Gold is one of the densest metals.
```

உங்க 'எனி அதர்' வாக்கியம் 'நோ அதர்' குடும்பத்தைச் சேந்தது. ஆஸ்மியத்தைப் பத்தின வாக்கியமா இருந்திருந்தா நீங்க எழுதின ரெண்டுமே முழு மார்க்.

பழைய பேனா
நான் சொன்ன வாய்ப்பாட்டுலயே இரண்டாவது பகுதி இருக்கு. 'வெரி ஃப்யூ' வந்தா கம்பேரட்டிவ்ல 'தேன் மோஸ்ட் அதர்', சூப்பர்லேட்டிவ்ல 'ஒன் ஆஃப் தி'. கேள்வியை முழுசாப் போட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். ஆஸ்மியம், இரிடியம்னு வேதியியல் எல்லாம் இதுக்கு எதுக்கு?

தாரிணி
வாய்ப்பாடு மறந்து போற அன்னிக்குக் கைகொடுக்கத்தான், சார். முதல் வாக்கியம் உண்மையா இருந்து மாத்தினது பொய்யாப் போற ஒரு நிலைமையை யோசிச்சுப் பாக்கணும். அப்படி ஒண்ணு கிடைச்சா மாற்றம் தப்பு. இந்தச் சோதனைக்கு மனப்பாடம் வேண்டாம்.

ரஹீம்_எழுத்து
இதே பிரச்சினைதான் எனக்கும். என் வாக்கியம்:

```
Lead is not as dense as gold.
```

இதுல 'வெரி ஃப்யூ'வும் இல்ல, 'நோ அதர்'ரும் இல்ல. சூப்பர்லேட்டிவ்ல எப்படி எழுதறது? 'கோல்ட் இஸ் தி டென்சஸ்ட்'னு வச்சேன், தப்பு.

அருள்மணி
இது வேற கதை ரஹீம் பாய். இங்க இருக்கறதே ரெண்டு உலோகம். மத்த உலோகங்களைப் பத்தி வாக்கியம் வாயே திறக்கல. சூப்பர்லேட்டிவ்னா ஒரு கூட்டம் வேணும், இங்க கூட்டம் இல்ல. கம்பேரட்டிவோட நிறுத்திக்கணும்.

ரஹீம்_எழுத்து
சரி, கம்பேரட்டிவ் இதுதானே?

```
Lead is not denser than gold.
```

தாரிணி
இதுக்கும் அதே சோதனையை வச்சுப் பாருங்க. ஈயமும் தங்கமும் ஒரே அடர்த்தின்னு வச்சுக்கலாம். நீங்க எழுதினது அப்பவும் உண்மையாவே இருக்கும், ஏன்னா சமமா இருக்கறது 'டென்சர்' இல்ல. ஆனா குடுத்த வாக்கியம் பொய்யாயிடும். சமம்ங்கற வாய்ப்பை அது அடைச்சு வச்சிருக்கு, நீங்க திறந்து விட்டுட்டீங்க.

ஆளை இடம் மாத்துங்க, 'நாட்'டும் தானா உதிர்ந்துடும்:

```
Gold is denser than lead.
```

ஈயத்துலயேதான் ஆரம்பிக்கணும்னா 'லெஸ் டென்ஸ் தேன்'னு எழுதலாம். அதுவும் சரிதான்.

ரஹீம்_எழுத்து
'நாட்' இருந்தா 'நாட்' இருக்கணும்னுதான் நான் பிடிச்சுத் தொங்கிட்டு இருந்தேன். சரிங்க.

வேங்கை
நான் கொஞ்சம் குதர்க்கம் பண்ணிக்கறேன். பழைய பேனா சார் வாய்ப்பாடுப்படி செல்வியோட கம்பேரட்டிவ் இப்படி வரும்:

```
Gold is denser than most other metals.
```

தாரிணி மேடம் சோதனையை இதுக்கும் வச்சுப் பாக்கலாமா? தங்கத்தை எடுத்துட்டு ஈயத்தைப் போடுங்க. ஈயம் 11.34. அலுமினியம், டைட்டானியம், இரும்பு, செம்பு, வெள்ளின்னு உலோகங்கள்ல பெரும்பாலானது அதுக்குக் கீழதான். அப்போ 'லெட் இஸ் டென்சர் தேன் மோஸ்ட் அதர் மெட்டல்ஸ்'ங்கறது உண்மை. ஆனா ஈயத்துக்கு மேல பல்லேடியம், ரோடியம், ஹாஃப்னியம், பாதரசம், டான்டலம், டங்ஸ்டன், யுரேனியம், தங்கம், பிளாட்டினம்னு நீளமா ஒரு வரிசையே நிக்குது. 'வெரி ஃப்யூ மெட்டல்ஸ் ஆர் ஆஸ் டென்ஸ் ஆஸ் லெட்'னு எழுதினா யாராவது ஒத்துக்குவாங்களா?

அப்போ 'மோஸ்ட் அதர்' வேற, 'வெரி ஃப்யூ' வேற. பாடப்புத்தக விடையே பொருளை மாத்துது.

பழைய பேனா
இதுக்குப் பேர்தான் வீண் வாதம். மார்க் போடறவர் 'தேன் மோஸ்ட் அதர்'னுதான் எதிர்பார்க்கறார். காலங்காலமா அப்படித்தான் சொல்லிக் குடுக்கறாங்க.

வேங்கை
காலங்காலமா சொல்லிக் குடுக்கறதால பொருள் ஒண்ணாயிடுமா சார்? 'மோஸ்ட்'டுக்குப் பாதிக்கு மேல இருந்தாப் போதும். 'வெரி ஃப்யூ'வுக்குக் கிட்டத்தட்ட எல்லாமே கீழ இருக்கணும். கேள்வித்தாள்ல 'பொருள் மாறாமல்'னு இருக்கு. 'மார்க் போறாமல்'னு இல்ல.

கோபி_ரா
😄

தாரிணி
வேங்கை சொல்றதுல நியாயம் இருக்கு. ஒரு திசையில மட்டும்தான் அது தாங்கும். 'வெரி ஃப்யூ' உண்மைன்னா 'தேன் மோஸ்ட் அதர்' உண்மையாத்தான் இருக்கும். திருப்பிப் போட்டா, அவர் காட்டின ஈயம் மாதிரி, உடையலாம். அதனால 'மோஸ்ட் அதர்' குடுத்து 'வெரி ஃப்யூ'வா மாத்தச் சொல்றப்பதான் எனக்கும் உறுத்தும்.

செல்விக்கு வந்திருக்கற திசை பரவாயில்ல. கொஞ்சம் நீர்த்துப் போகுது, பொய்யாகல. இறுக்கமா வேணும்னா 'டென்சர் தேன் ஆல்மோஸ்ட் ஆல் அதர் மெட்டல்ஸ்'னு எழுதலாம். குடுத்த பொருளுக்கு அதுதான் நெருக்கம். திருத்தறவர் விடைக்குறிப்பைத் தாண்டிப் பாக்கறவரா இல்லையான்னு எனக்குத் தெரியாதே.

அருள்மணி
எதை எழுதினாலும் 'அதர்' விட்டுடாதீங்க செல்வி. தங்கமும் உலோகம்தான். 'தேன் எனி மெட்டல்'னு எழுதினா, தங்கம் தங்கத்தை விடவும் அடர்த்தின்னு ஆயிடும்.

பழைய பேனா
சரி, சமம்னு இவ்வளவு பேசறீங்களே. அப்போ 'நோ அதர் மெட்டல் இஸ் டென்சர் தேன் ஆஸ்மியம்'னு எழுதினாலும் அது 'டென்சஸ்ட்' ஆகாதுன்னு சொல்வீங்க போல. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க.

வேங்கை
ஆகாதுன்னுதான் சொல்வேன். ஆஸ்மியத்துக்குச் சமமா இன்னொண்ணு இருந்தாலும் அந்த வாக்கியம் நிக்கும். இதை வெறும் கற்பனைன்னு தள்ளிடாதீங்க சார். ஆஸ்மியம் 22.59, இரிடியம் 22.56. இந்தச் சின்ன வித்தியாசத்தால இந்த ரெண்டுல எது முதல்னு ரொம்ப நாள் குழப்பமே இருந்தது. சமம்ங்கற வாய்ப்பையும் சேத்து அடைக்கணும்னா 'ஆஸ் டென்ஸ் ஆஸ்'தான்:

```
No other metal is as dense as osmium.
```

பழைய பேனா
பேச்சுல 'நோ அதர் இஸ் பெட்டர்'னு சொன்னா கேக்கறவன் 'இதுதான் பெஸ்ட்'னுதான் எடுத்துக்கறான். மொழி கணக்குப் புத்தகம் இல்ல.

தாரிணி
பேச்சுல எடுத்துக்கறாங்க, அதை மறுக்கல. மாத்தி எழுதற பயிற்சியில எதை ஏத்துக்கணும்ங்கறதுல ஆசிரியர்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல. நான் திருத்தினா ஒரு கேள்விக்குறி போட்டுட்டு மார்க் குடுத்துடுவேன்.

செல்வி_ம
சூப்பர்லேட்டிவ் இப்படி மாத்திட்டேன், சரியா?

```
Gold is one of the densest metal.
```

அருள்மணி
கடைசிச் சொல்லைப் பாருங்க. 'ஒன் ஆஃப் தி'ன்னா ஒரு கூட்டத்துல ஒண்ணு. கூட்டம் பன்மையில வரணும்.

செல்வி_ம
மெட்டல்ஸ். ஓகே. கம்பேரட்டிவ்ல 'மோஸ்ட் அதர்'னே எழுதிட்டேன். நன்றி எல்லாருக்கும், கிளம்பறேன்.

வேங்கை
'ஆல்மோஸ்ட் ஆல்' எழுதியிருக்கலாம்.

பழைய பேனா
அந்தப் பொண்ணு நல்ல முடிவு எடுத்திருக்கு, விடுங்க.

கோபி_ரா
ஒரு சந்தேகம். 'சம் மெட்டல்ஸ் ஆர் அட் லீஸ்ட் ஆஸ் டென்ஸ் ஆஸ் லெட்'னு குடுத்தா சூப்பர்லேட்டிவ் என்ன? என் கையேட்டுல 'லெட் இஸ் நாட் தி டென்சஸ்ட் மெட்டல்'னு போட்டிருக்கு. ஆனா அந்த 'சம்' எல்லாமே ஈயத்துக்குச் சமம்னு வச்சா, ஈயமும் முதலிடத்துலதானே நிக்கும்?

வேங்கை
வாங்க கோபி, இப்பதான் சரியான இடத்துல கை வச்சிருக்கீங்க. பழைய பேனா சார், இதுக்கு வாய்ப்பாடு என்ன சொல்லுது?