சீலன்டுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

செல்வி:
வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்காகத் தகரக் கூரை ஒழுகலைச் சரிசெய்வது பற்றிய சிறு கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒழுகும் இடத்தில் பூசும் சீலன்ட் வகைகளான சிலிக்கோன், பாலியூரித்தேன், அக்ரிலிக், பிட்டுமன் நான்குக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும். இப்போதைக்கு 'அடைப்பான்' என்று போட்டிருக்கிறேன். சரியா?

மாசிலாமணி:
அடைப்பான் மாட்டுக்கு வரும் நோயம்மா. கால்நடை மருத்துவர் பார்த்தால் சிரிப்பார். 'கீல்' இருக்க வேறு சொல் எதற்கு? கீல் என்றால் மூட்டு. கீல் என்றால் தாரும்தான். பூசப்படும் இடமும் பூசும் பொருளும் ஒரே சொல்லில் வந்துவிட்டன! பொருள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்ததா, இரண்டு வேரா என்று தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். சிலிக்கோனை 'மண்ணியம்' என்றே எழுதலாம்.

பாஸ்கரன்:
ஐயா, மண்ணியம் சிலிக்கனுக்குத்தான் பொருந்தும், அது தனிமம். குழாயில் வருவது சிலிக்கோன், வேறு பொருள். கீலிலும் சிக்கல் உண்டு. 'நிலக்கீல்' ஏற்கெனவே பிட்டுமனுக்கு வழங்குகிறது. பொதுப்பெயரும் கீல் என்றால் பையன் தார் டப்பாவோடு கூரை ஏறுவான். வெயிலில் அது இளகி வழியும், நாளடைவில் காய்ந்து வெடிக்கும். பிறகு நல்ல சரக்கு வாங்கிப் பூசினாலும் அந்தத் தார்க்கறை மேல் ஒட்டாது.

முருகேசன்:
எல்லாவற்றுக்கும் சிலிக்கோன் ஒன்றே போதும், வெயிலுக்கு அசையாது. ஆனால் என் வீட்டு மாட்டுக்கொட்டகைத் தகரத்தில் போன வருடம் பூசினேன், கையெல்லாம் காடி நாற்றம். ஆறு மாதத்தில் ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி, அப்புறம் துரு. மேலே அடித்த பெயின்டும் சுருண்டு வந்துவிட்டது. இதற்கு எந்தக் கம்பெனி நல்லது?

பாஸ்கரன்:
அண்ணே, கேள்வி சொல்லைப் பற்றியது! ஆனாலும் சொல்கிறேன். வெயில் தாங்குவது பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் காடி நாற்றம் அடித்தால், உலரும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகிறது என்று பொருள். அது தகரத்தின் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். துத்தநாகத் தகரத்துக்கு அமிலம் விடாத 'நியூட்ரல்' வகை என்று கேட்டு வாங்குங்கள். சிலிக்கோன் மேல் பெயின்ட் நிற்காது. பழையதை முழுக்கச் சுரண்டித் துடைக்காமல் புதிதாக எதைப் பூசினாலும் உரிந்துவிடும்.

பெயின்ட் அடித்தே ஆகவேண்டும் என்றால் பாலியூரித்தேன். பிடிமானம் பலமானது, ஆனால் திறந்த வெயிலில் மேற்பரப்பு மாவாக உதிரும், அதனால் பெயின்ட் மூடியிருப்பது நல்லது. ஈரத்தின் மேல் பூசினால் குமிழ் விடும். அக்ரிலிக் நீரில் கரைத்த சரக்கு. காய்வதற்குள் மழை வந்தால் கழுவிக்கொண்டு போகும்.

செல்வி, 'அடைப்பு' என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. அடை என்றால் பையன்கள் ஓட்டை மேல் அப்புகிறார்கள். 20 அடித் தகரத்தின் சூடு காலைக்கும் நண்பகலுக்கும் 40 பாகை மாறினால் நீளம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கூடும். அப்பியது விளிம்பில் கிழியும். ஒரு தகரம் இன்னொன்றின் மேல் ஏறும் இடத்தில், திருகு போடுவதற்கு முன், இரண்டுக்கும் நடுவே வரியாக இட வேண்டும். அப்போது வெயிலும் படாது, இழுத்தாலும் சேர்ந்து நெகிழும். சொல்லிலும் அது வரட்டும். 'நெகிழ்பற்று' எப்படி?

மாசிலாமணி:
பற்று என்றால் கணக்குப்பிள்ளைக்குப் பற்று வரவு, வைத்தியருக்கு நெற்றிப் பற்று. நெகிழும் பற்று என்றால் துறவியின் மனநிலை போல இருக்கிறது.

தேன்மொழி:
நான் வகுப்பெடுப்பவள். கடைக்காரரிடம் 'நெகிழ்பற்று ஒரு குழாய்' என்று கேட்டால் என் மாணவனைத் திருப்பி அனுப்புவார். குழாயில் அச்சிட்டிருப்பது சீலன்ட். அதையே எழுதுங்கள்.

மாசிலாமணி:
அப்படியே போனால் கையேடு எதற்கு, குழாயையே கொடுத்துவிடலாமே.

செல்வி:
அனைவருக்கும் நன்றி. மூன்று நாளாகிவிட்டது. தலைப்பில் நெகிழ்பற்று, உள்ளே சீலன்ட் என்று முடித்துவிட்டேன். பாஸ்கரன் சொன்ன 'இரண்டு தகரத்துக்கு நடுவே' என்பதைத் தனிப் படமாகவே சேர்க்கிறேன். மாசிலாமணி ஐயா, கீலை விடவில்லை. பிட்டுமன் வரும் இடத்தில் நிலக்கீல் என்று போட்டிருக்கிறேன்.

மாசிலாமணி:
உடன்பாடில்லை, பதிவு செய்துகொள்ளவும்.

முருகேசன்:
படத்தில் தகரம் மேல் தகரம் ஏறுவதை 'ஓவர்லேப்' என்று போட்டிருப்பீர்களே, அதற்குத் தமிழ் என்ன?