தோட்டத்து அறைக்கு எந்த எர்த்?

கஜன் (ஹாரோ): சிவா அண்ணா, ஒரு சந்தேகம். பின் வளவில் கட்டும் மர அறைக்கு வீட்டிலிருந்து கரண்ட் எடுக்கிறோம். 30 மீட்டர் தூரம். 6 சதுர மில்லிமீட்டர், மூன்று கோர் ஆர்மர்ட் கேபிள். வீட்டுப் போர்டில் 32 ஆம்பியர் பிரேக்கர். பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் வெளிக்கட்டடம் என்றால் வீட்டு எர்த்தை விட்டு, மண்ணில் தனி எர்த் ரொட் அடித்து அதையே எர்த்தாக வைக்கும் டிடி ஆக்குவதுதான் வழக்கம் என்கிறார். வீட்டில் இருப்பது டிஎன்-எஸ், தெருக் கேபிளிலேயே எர்த் தனிப் பாதையில் வருகிறது என்று சொன்னதும் அவர்தான். பிறகு ரொட் எதற்கு?

பாலா மாமா (கொக்குவில்): ரொட் அடி தம்பி, யோசிக்காதே. இங்கே எல்லா வீட்டிலும் ரொட்டும் ட்ரிப் சுவிட்சும்தான். எங்கள் கிணற்று மோட்டார் கொட்டகைக்கும் அதே. நிலத்துக்குப் போகிற கரண்ட் நிலத்துக்கே போய்விடும், பிரேக்கர் விழுந்துவிடும்.

சிவா அண்ணா (லெஸ்டர்): கஜன், முதலில் மீட்டர் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பு. தெருக் கேபிள் தரையிலிருந்து ஏறி வரும் இடம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

கஜன்: 📷 இதோ.

சிவா அண்ணா: சரி. தெருக் கேபிள் வந்து முடியும் கறுப்புப் பெட்டிக்குக் கீழே கேபிளின் ஈய உறையில் ஒரு வளையம் இறுக்கி, அதிலிருந்து பச்சை மஞ்சள் வயர் போகிறது. பார்வைக்கு டிஎன்-எஸ்தான். அந்த வயர் கறுப்புப் பெட்டிக்குள்ளிருந்தே வந்திருந்தால் பிஎம்இ என்று சந்தேகப்பட்டிருப்பேன். ரொட் அடிக்கும் வழக்கம் முக்கியமாக பிஎம்இ வீடுகளால் வந்தது. அங்கே தெருவில் நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பி. அந்தக் கம்பி அறுந்தால் வீட்டு எர்த் முழுவதும் வோல்டேஜ் ஏறிவிடும். வீட்டுக்குள் தொடுகிற எல்லாமே சேர்ந்து ஏறுவதால் ஆபத்து குறைவு. தோட்டத்தில் ஈர மண்ணில் நின்று ஒரு இரும்புப் பெட்டியைத் தொடுபவருக்குத்தான் அடி. உனக்கு எர்த் தனிப் பாதையில் வருகிறது என்றால் அந்தப் பயத்துக்காக ரொட் தேவையில்லை.

சுகந்தி அக்கா (குரொய்டன்): எங்கள் கராஜிலும் இதே பிரச்சினைதான். ட்ரிப் சுவிட்ச் விழுந்து, ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் ஃப்ரீசரில் இருந்த மீன் முழுக்க நாறிவிட்டது. எர்த் சரியில்லை போல.

சிவா அண்ணா: அக்கா, அது எர்த் கோளாறாக இருக்க வேண்டியதில்லை. கராஜ் முழுவதும் ஒரே ட்ரிப் சுவிட்சில், அதாவது ஒரே ஆர்சிடியில் இருந்தால் எந்தச் சாமானில் சின்னக் கசிவு வந்தாலும் எல்லாம் சேர்ந்து அணையும். ஒவ்வொரு லைனுக்கும் பிரேக்கரும் ஆர்சிடியும் ஒன்றாகச் சேர்ந்த தனி ஆர்சிபிஓ போடச் சொல்லுங்கள். கஜனுக்கும் அதையே சொல்வேன், எர்த் எதுவானாலும் சரி.

பாலா மாமா: நீ என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ரொட் இருந்தால் பிரேக்கர் விழாதா?

சிவா அண்ணா: விழாது மாமா. கஜனின் அறையை வைத்தே பார்ப்போம். கஜன், எர்த் லூப், அதாவது கோளாறுக் கரண்ட் போய்த் திரும்பும் பாதையின் ஓம், அளந்தாரா?

கஜன்: வீட்டுப் பெட்டியில் 0.35 ஓம் என்று எழுதி வைத்திருக்கிறார்.

சிவா அண்ணா: நல்லது. உன் கேபிளில் போய் வரும் பாதை, சூடேறினால் கூடுவதையும் சேர்த்து, சுமார் 0.22 ஓம். கூட்டினால் 0.57. அறையில் ஒரு ஹீட்டரின் உள் வயர் இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டது என்று வை. 230 ÷ 0.57, ஏறக்குறைய 400 ஆம்பியர் பாயும். பி வகை 32 ஆம்பியர் பிரேக்கர் 160 ஆம்பியரிலேயே உடனே விழ வேண்டும். கண் இமைப்பதற்குள் அணைந்துவிடும்.

இப்போது கேபிளின் எர்த்தை அறையில் இணைக்காமல் ரொட் மட்டும் அடிக்கிறாய். லண்டன் களிமண்ணில் ரொட் 60 ஓம் வந்தது என்று வைத்துக்கொள். அதே கோளாறில் பாய்வது 4 ஆம்பியர் கூட இல்லை. ஒரு கெட்டில் இழுப்பதே அதைவிடக் கூட. பிரேக்கருக்கு எதுவும் தெரியாது. ஹீட்டரின் உடம்பில் கிட்டத்தட்ட 230 வோல்ட் அப்படியே நிற்கும்.

வதனி: ஐயோ, பிள்ளைகள் விளையாடும் இடம் அது. அப்படியென்றால் டிடி ஆபத்தா அண்ணா?

சிவா அண்ணா: ஆபத்து இல்லை வதனி. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடிக்கு அந்த 4 ஆம்பியர் தாராளம், உடனே அணைக்கும். ஆனால் அந்த வேலைக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. அது இறுகிப் போனால் பின்னால் வேறு காவல் இல்லை. டிஎன்-எஸ்ஸில் பிரேக்கரும் இருக்கிறது, சாக்கெட்டுகளுக்கு ஆர்சிடியும் இருக்கிறது. அதனால்தான் உங்கள் வீட்டுக்கு நான் டிஎன்-எஸ்ஸையே நீட்டச் சொல்கிறேன்.

பாலா மாமா: இப்போதுதான் போய் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அமத்திப் பார்த்தேன். டக்கென்று விழுந்தது. என் எர்த் நல்ல எர்த்.

சிவா அண்ணா: சுவிட்ச் நல்லது என்று தெரிகிறது மாமா, சந்தோஷம். ஆனால் அந்தப் பட்டன் ரொட்டைச் சோதிப்பதில்லை. எர்த் வயர் கழன்று கிடந்தாலும் பட்டனை அமத்தினால் சுவிட்ச் விழும். வயர் கழன்றிருந்தால் மோட்டாரில் கோளாறு வந்ததும் விழாது, யாராவது தொட்ட பிறகுதான் விழும். யாழ்ப்பாணத்தில் மண் கொஞ்சம், கீழே சுண்ணாம்புக் கல். கோடையில் காய்ந்தால் ரொட்டின் ஓம் ஏறும். பங்குனி, சித்திரை வெயிலில் ஒருவரைக் கூப்பிட்டு அளந்து பாருங்கள். இங்கே 200 ஓமுக்கு மேல் போனால் அந்த ரொட்டை நம்ப வேண்டாம் என்பது வழக்கம்.

பாலா மாமா: ரொட்டின் தலை சீமெந்துக்குள் போய்விட்டது. பார்க்கிறேன். சரி, இரண்டையும் சேர்த்தால்? வீட்டு எர்த்தும் வரட்டும், ரொட்டும் இருக்கட்டும்.

சிவா அண்ணா: சேர்க்கலாம், டிஎன்-எஸ்ஸில் தீங்கில்லை. ஆனால் அது டிடி ஆகாது, வேலை செய்வது கேபிள் எர்த்தான். அரைகுறையாகச் செய்வதுதான் மோசம். டிடி என்று முடிவெடுத்தால் ஆர்மர் கம்பியை வீட்டுப் பக்கம் மட்டும் எர்த் செய்து, அறைப் பக்கம் பிளாஸ்டிக் பெட்டியில் நிறுத்த வேண்டும், மூன்றாவது கோரையும் அங்கே இணைக்கக் கூடாது. உலோகப் பெட்டியில் உலோக கிளாண்ட் போட்டு இறுக்கினால் ஆர்மர் வழியாக வீட்டு எர்த் அறைக்குள் வந்துவிடும். பிளாஸ்டிக்கில் நிறுத்தினாலும் ஆர்மரில் கை படுகிற மாதிரி விட்டால் ஒரு கை வீட்டு எர்த்தில், மறு கை ரொட் எர்த்தில். அந்த இரண்டுக்கும் இடையில் வோல்டேஜ் வரலாம்.

கஜன்: அப்போ டிஎன்-எஸ்தான், முடிவு?

சிவா அண்ணா: ஒன்று மிச்சம். ஈய உறை கண்ணுக்குத் தெரிந்தாலும், தெருவில் பழைய கேபிளை வெட்டி ஒட்டும்போது புதுத் துண்டை நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்த வகையில் போட்டிருக்கலாம். அப்படியானால் உன் டிஎன்-எஸ் பெயருக்குத்தான், நான் சொன்ன பிஎம்இ ஆபத்து அங்கேயும் உண்டு. உங்கள் பகுதி மின்விநியோக நிறுவனத்துக்குப் போன் செய்து கேள்.

வதனி: அவர்கள் பிஎம்இ என்று சொன்னால்?

சிவா அண்ணா: மரச் சுவர், மரத் தரை, பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் என்றால் நான் அப்போதும் வீட்டு எர்த்தையே நீட்டுவேன். இரும்புச் சட்டத்தில் நிற்கிற கொட்டகை, வெறுங்காலோடு நிற்கிற ஹாட் டப் என்றால் ரொட் பக்கம் போவேன். இதில் நல்ல எலக்ட்ரீஷியன்களே ஒத்துப்போவதில்லை, உன் ஆள் வேறு மாதிரிச் சொல்லலாம்.

கஜன்: ஹாட் டப் பற்றி இப்போது கதைக்காதீர்கள் அண்ணா, வதனி கேட்கத் தொடங்கிவிடுவாள்.

வதனி: ஏற்கெனவே கேட்டாயிற்று.

சிவா அண்ணா: அப்படியானால் முடிவை இப்போதே எடு கஜன், கேபிள் பள்ளம் மூடுவதற்குள். பிறகு மாற்றுவது பெரிய வேலை. எலக்ட்ரீஷியன் வேலை முடித்ததும் அறையின் கடைசி சாக்கெட்டில் அளந்த எர்த் லூப் எண்ணைக் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பு. 0.57க்கு ஒட்டி, அறைக்குள் ஓடும் வயருக்குக் கொஞ்சம் கூடுதலாக வர வேண்டும். 2, 3 என்று வந்தால் எங்கோ இணைப்புத் தளர்ந்திருக்கிறது, காசு கொடுக்காதே.