பச்சை டிக் இருக்கு, ஆனா ஊருக்குள்ள போனா 22 ஃபிரேம். டெக் பழுதா, ரேட்டிங் பொய்யா?

வெள்ளிமலை_குமார்
ஸ்டீம் டெக் எல்சிடி மாடல், அக்கா வீட்டுக்காரர் அமெரிக்காவிலிருந்து வரும்போது கொண்டு வந்தது. ஒரு பெரிய ஆர்பிஜி வாங்கினேன். பேரு வேண்டாம், ரசிகர் சண்டை வந்துடும். கடைப் பக்கத்துல பச்சை டிக்கோட வெரிஃபைடு. அதைப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன்.

முதல் பதினைந்து மணி நேரம் காடு, குகை, கிராமம்னு போச்சு. 38, 40 ஃபிரேம், குறையே இல்லை. இப்ப தலைநகரத்துக்குள்ள நுழைஞ்சாச்சு. சந்தைத் தெருவில் 22, சில சமயம் 19. கேமராவைச் சுத்தினா ஜவ்வு மாதிரி இழுக்குது. கிராபிக்ஸ் எல்லாத்தையும் லோவுக்கு இறக்கினேன், ரெசல்யூஷனை 960x600 ஆக்கினேன், எஃப்எஸ்ஆர் போட்டேன். 23. அவ்வளவுதான் ஏறிச்சு. டெக்ல ஏதாவது கோளாறா?

பட்டன்_ராஜா
ப்ரோ, பயாஸ்ல போய் யூஎம்ஏ பஃபரை 1 ஜிபிலேர்ந்து 4 ஜிபி ஆக்குங்க. எனக்கு ஒரு கேம்ல திக்கித் திக்கி நின்னது சுத்தமா போயிடுச்சு. அதோட, வெரிஃபைடுன்னா கம்பெனியே ஓட்டிப் பார்த்துக் கொடுத்தது. 30க்குக் கீழ வருதுன்னா டெக்தான் சூடாகுது, ஃபேனைச் சுத்தம் பண்ணுங்க.

தறியோசை
ராஜா சொன்னதில் பாதி சரி. விஆர்ஏஎம் போதாமல் திக்குகிற கேம்களில் அந்த 4 ஜிபி வித்தை உதவும். ஆனால் அந்தத் திக்கல் விட்டு விட்டு வரும், நடுவில் ஃபிரேம் பழையபடி ஏறிவிடும். குமாருக்கு அப்படி இல்லை. சந்தைக்குள் இருக்கும் வரை ஒரே சீராகக் கீழே கிடக்கிறது.

குமார், உங்கள் பதிவிலேயே விடை இருக்கிறது. 1280x800லிருந்து 960x600க்கு வந்தால் வரைய வேண்டிய புள்ளிகள் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஜிபியுதான் திணறுகிறது என்றால் ஃபிரேம் நன்றாகவே ஏறியிருக்க வேண்டும். ஒன்றே ஒன்று ஏறியது என்றால் திணறுவது அது இல்லை.

உறுதி செய்ய இப்படிப் பாருங்கள். வலப்பக்கம் இருக்கும் மூன்று புள்ளி பட்டனை அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் ஓவர்லேயைக் கடைசி நிலைக்குத் தள்ளுங்கள். சந்தையில் நின்று ஜிபியு சதவீதத்தைப் பாருங்கள். 95க்கு மேல் ஒட்டிக்கொண்டு நின்றால் ஜிபியு. 60, 70 என்று சும்மா இருந்தால் சிபியு. சிபியுவின் மொத்த சதவீதத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். எட்டு த்ரெட்டில் ஒன்று முழுமூச்சாக ஓடி, மற்றவை அரைகுறையாக ஓடினால் மொத்தம் 40 என்றுதான் காட்டும்.

வெள்ளிமலை_குமார்
பார்த்தேன் அண்ணா. சந்தையில ஜிபியு 62–66. சிபியு மொத்தம் 45, ஒரு கோர் மட்டும் 90க்கு மேல குதிக்குது. ரெண்டும் சேர்ந்து 15 வாட்டைத் தொட்டுக்கிட்டு நிக்குது. சூடு 70 சொச்சம், ஃபேன் ஒழுங்கா சுத்துது. அப்ப பச்சை டிக் எதுக்கு?

தறியோசை
டெக் நன்றாக இருக்கிறது. டிக்கும் பொய் இல்லை, அது வேறு கேள்விக்கான பதில்.

வெரிஃபைடு சோதனையில் நாலு பக்கம் பார்க்கிறார்கள். கன்ட்ரோலரை வைத்தே எல்லாம் செய்ய முடிகிறதா, திரையில் சரியான பட்டன் படங்கள் வருகின்றனவா என்பது ஒன்று. எழுத்து படிக்கும் அளவில் இருக்கிறதா, டெக்கின் ரெசல்யூஷனை ஏற்கிறதா என்பது இரண்டு. நடுவில் லாஞ்சரோ எச்சரிக்கைப் பெட்டியோ வந்து மறிக்கிறதா என்பது மூன்று. விண்டோஸ் கேமை டெக்கில் ஓட வைக்கிற புரோட்டானிலும் ஆன்டி-சீட்டிலும் சிக்கல் இல்லையா என்பது நாலு. வேகம் இதற்குள் ஒரே வரியாகத்தான் வருகிறது. கேம் பக்கத்தில் ரேட்டிங்கைத் திறந்தால் தெரியும்:

```
This game's default graphics configuration performs well on Steam Deck
```

எந்த இடத்தில், எத்தனை ஃபிரேம், எத்தனை மணி நேரம் ஆடிப் பார்த்து என்று அதில் இல்லை. 30தான் விளையாடத்தக்க அடிமட்டம் என்று 2021லேயே, கருவி வெளிவரும் முன்பே, வால்வ் தரப்பில் சொன்னார்கள். 60ஐ யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. நாற்பதாவது மணியில் வருகிற நகரம் தொடக்கக் காட்டைப் போல ஓடும் என்றும் அந்த வரி சொல்லவில்லை.

இது உங்கள் கேமில் மட்டும் நடப்பதில்லை. பால்டர்ஸ் கேட் 3, 2023 ஆகஸ்டில் பச்சை டிக்கோடுதான் வந்தது. மூன்றாம் அங்கத்து நகரத்தில் டெக் திணறியது ஊரறிந்த கதை. தெருவில் போகிற ஒவ்வொரு ஆளையும் சிபியுதான் நடத்த வேண்டும், ரெசல்யூஷனைக் குறைத்தால் ஆட்கள் குறைவார்களா? 2025 செப்டம்பரில் புரோட்டான் இல்லாமல் நேராக ஓடுகிற டெக் பதிப்பை விட்டார்கள், சிபியு சுமையும் நினைவகமும் குறைந்தன. அதற்கு முன்னாலும் பச்சை, பின்னாலும் அதே பச்சை.

நள்ளிரவு_நாடோடி
எங்கிட்ட இருக்கிறது ஸ்டீம்ஓஎஸ் போட்ட லீஜன் கோ எஸ். டெக்கைவிட வேகம். எனக்கு டிக்குக்குப் பதிலா "ஸ்டீம்ஓஎஸ் கம்பாட்டிபிள்"னு காட்டுது. அப்படின்னா டெக்ல 30 வர்ற கேம் இதுல 40 வரும்னு எடுத்துக்கலாமா?

தறியோசை
எடுத்துக்க வேண்டாம். அந்த முத்திரை கேமும் லாஞ்சரும் ஆன்டி-சீட்டும் ஸ்டீம்ஓஎஸ்ஸில் ஓடுமா என்று மட்டும்தான் சொல்கிறது. வேகமும் எழுத்து அளவும் அந்தக் கணக்கிலேயே இல்லை.

மஞ்சள்_முத்திரை
எனக்கு நேர்மாறான அனுபவம். மஞ்சள், அதாவது ப்ளேயபிள்னா குப்பைன்னு நினைச்சு ஒரு வருஷம் ஒதுக்கி வெச்சிருந்த பழைய கேமைப் போன வாரம் திறந்தேன். காரணம் என்னன்னு பார்த்தா எழுத்து பொடிசு, பேர் போட கீபோர்டை நாமளே வரவழைக்கணும். ரெண்டே ரெண்டு. 60ல அசையாம ஓடுது!

அதே மாதிரி ஜிடிஏ 5. 2024 செப்டம்பர்ல ஆன்லைனுக்கு பேட்டில்ஐ ஆன்டி-சீட் வந்ததும் அன்சப்போர்ட்டட் ஆயிடுச்சு. கதை மட்டும் ஆடுறவங்களுக்கு முன்னாடி எப்படி ஓடுச்சோ அப்படியேதான் ஓடுது. நிறத்தைப் பார்க்காம உள்ள இருக்கிற காரணத்தைத்தான் படிக்கணும்.

தறியோசை
குமார், இரண்டு வேலை செய்து பாருங்கள். கேம் செட்டிங்கில் கூட்டத்தின் அடர்த்தி என்று ஏதாவது இருந்தால் அதைக் குறையுங்கள். சிபியு சுமையை நேராகக் குறைக்கிற அமைப்பு அநேகமாக அது ஒன்றுதான். ரெசல்யூஷனைப் பழையபடி 1280x800க்குக் கொண்டுவந்துவிடலாம், குறைத்து ஒரு பயனும் இல்லை.

அடுத்தது அந்த 15 வாட். சிபியுவும் ஜிபியுவும் ஒரே பானையில் அள்ளுகின்றன. ஜிபியு 1600 மெகாஹெர்ட்ஸில் நின்றுகொண்டு வேலையில்லாமல் பங்கைத் தின்கிறது. மூன்று புள்ளி மெனுவில் ஜிபியு கடிகாரத்தைக் கையால் 1100ல் கட்டுங்கள். மிச்சம் சிபியுவுக்குப் போகும். சந்தையை விட்டு வந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், காட்டில் அது காலை வாரும்.

வெள்ளிமலை_குமார்
கூட்டத்தை லோ ஆக்கினதும் 22 இருந்தது 26. 1100ல கட்டினதும் 28. ஜிபியு இப்ப 95ல நிக்குது. 30ல லாக் போட்டேன், முன்னைவிட சீரா இருக்கு, ஆனா கோவில் வாசல்ல மட்டும் இன்னும் 24தான்.

பட்டன்_ராஜா
4 ஜிபியும் போட்டுப் பாருங்க ப்ரோ. போனா ஒரு ரீஸ்டார்ட்.

வெள்ளிமலை_குமார்
போட்டேன். அதே 24 :)

தறியோசை
கோவில் வாசலில் நின்று ஓவர்லே தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் போடுங்கள். அங்கே இரண்டும் ஒரே நேரத்தில் முட்டுகின்றனவோ என்று சந்தேகம். கம்பாட்டிபிலிட்டி மெனுவில் எந்தப் புரோட்டான் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.